பென்சிலில் ஒட்டிய பெயர்கள்

ரயில் ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் மகனைக் கண் மருத்துவமனைக்கு அழைத்து வந்திருந்தாள் தையல்காரி. டாக்டர் புள்ளிகள் நிறைந்த அட்டையைக் காட்டினார். “இருபத்தொண்ணு” என்றான் மகன். அவளுக்கு எழுபத்துநாலு என்று பளிச்செனத் தெரிந்தது.

“சிவப்பும் பச்சையும் குழம்புது தம்பி. சிக்னல் பாக்குற வேலைக்கு எடுக்க மாட்டாங்க. அம்மா வழியில யாருக்காவது இருக்கா?”

“எங்கப்பாவுக்கு” என்றாள்.

“அவர்கிட்டேருந்து உங்களுக்கு வந்திருக்கு. உங்களுக்குக் குறை தெரியாது. மகனுக்குப் போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்க தப்பு இல்லம்மா.”

அவள் தப்பு வேறு. கால் ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை என்று காலுறை போட்ட அப்பாவைத் தெருவே ‘கிளி’ என்று கூப்பிட்டது. சின்ன வயதில் மகன் இலைக்குப் பழுப்பு நிறம் தீட்டியபோது, அவனுக்கும் அந்தப் பெயர் வரக்கூடாதென்று ஒவ்வொரு பென்சிலிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டினாள். சட்டையையும் அவளே எடுத்து வைத்தாள்.

படியிறங்கும்போது மகன் கேட்டான். “உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும்டா.”

“அப்பவே சொல்லியிருந்தா வேற படிப்பு படிச்சிருப்பேன்ல? ரயில் ரயில்னு இத்தனை வருஷம் என்னைப் பைத்தியக்காரனாக்கிட்டியே.”

அவள் அடுத்த படியில் இறங்க, அவன் மறுபடி கேட்டான்.

“அக்கா பையனுக்கும் இருக்குமா?”

“இருக்கலாம். போன வாரம் அவன் பென்சில்லயும் பேர் ஒட்டிக் குடுத்தேன்.”

மகன் நின்றுவிட்டான். அவள் படியிலேயே உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டாள்.