பெல் எட்டும் இடத்தில் இருந்ததாக எழுதினார்கள்

கால் வீங்கி மூச்சும் வாங்கியதால் ஒரகடத்துப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் விழுந்தேன். விழுந்தது ஒரு நிமிஷம்கூட இல்லை. அதைப் பற்றி எழுதியதும், எழுதியதை அடித்ததும், திரும்ப எழுதியதும் அன்று சாயங்காலம் வரைக்கும் போயிற்று.

உடம்பில் சேர்ந்த நீர் இறங்குவதற்கு விடிந்ததும் ஒரு ஊசி போடுவார்கள். போட்டால் அரை மணி நேரத்தில் ஒன்றுக்கு அவசரமாக வரும். எழுந்து போக வேண்டுமானால் பெல்லை அமுக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளும் அமுக்கினேன். மூன்றாம் நாள் ஊசி போட்டுவிட்டுப் போனதுமே மாப் போடுகிற அம்மா வந்தாள். அவளுக்கு ஒரு வழக்கம். பெல் ஒயர் தரையில் தொங்கி நனையாமலிருக்க, எடுத்து சலைன் கம்பியின் உச்சியில் சுற்றி வைத்துவிடுவாள். தரை காய்ந்ததும் வந்து இறக்குவாள்.

எனக்கு அன்றைக்குத் தரை காயும்வரை தாங்கவில்லை. குரல் கொடுத்தேன். வார்டில் அப்போது யாரும் இல்லை. எக்கிப் பார்த்தேன், பெல் எட்டவில்லை. செருப்பு கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. வெறுங்காலோடு இறங்கினேன். இரண்டு அடி வைத்ததும் கண் இருட்டியது. பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி விழுந்தேன். போகிற போக்கில் பக்கத்து அலமாரியின் முனை காதுக்கு மேலே தட்டியது.

நர்ஸ் ஓடி வந்தாள். தெற்கத்திப் பெண், ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறவள்.

"அம்மா, எந்திரிக்காதீங்க. அப்படியே கிடங்க."

"தூக்கி வுடு, நான் நல்லாத்தான் கீறேன்."

"பாக்காம தூக்கக் கூடாதும்மா. எங்கன வலிக்கு?"

கழுத்தைத் தொட்டாள், இடுப்பை அழுத்தினாள், இரண்டு காலும் ஒரே நீளமாக இருக்கிறதா என்று பார்த்தாள். கையை, காலை ஆட்டச் சொன்னாள். பிரஷர் பார்த்தாள், விரலைக் குத்திச் சர்க்கரையும் பார்த்தாள்.

"தலையில அடிபட்டுச்சா?"

"இல்ல."

சொல்லியாயிற்று. பிறகு நான்கு பேர் பிடித்து என்னைக் கட்டிலில் போட்டார்கள். புடவை நனைந்திருந்தது. அதைப் பற்றி நான் இங்கே அதிகம் எழுதப் போவதில்லை.

டியூட்டி டாக்டர் வந்தார். சின்ன வயசு. நர்ஸ் அட்டையில் ஒரு தாளைச் செருகிக்கொண்டு எழுதினாள். யாராவது விழுந்தால் எப்படி விழுந்தார், எங்கே அடிபட்டது, மறுபடி விழாமலிருக்க என்ன செய்யப் போகிறோம் என்று எழுதியே ஆக வேண்டுமாம். எனக்குத் தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அந்தத் தாள் இங்கிலீஷில் இருந்தது.

"இன்னா எழுதினே, படி" என்றேன்.

"எதுக்கும்மா?"

"என்னைப் பத்தித்தானே எழுதறே?"

தமிழில் சொன்னாள். நோயாளி யாரையும் கூப்பிடாமல் தானாக எழுந்தார். பெல் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. ஆகவே கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பியை ஏற்றி வைக்க வேண்டும், கட்டிலை விட்டு இறக்கக் கூடாது, டயப்பர் போட வேண்டும், ராவும் பகலும் வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து பிள்ளை பெற்று, கம்பெனி கேன்டீனில் ஆயிரம் பேருக்குச் சோறு வடித்தவளுக்கு டயப்பரா? என்னோடு இருக்கிற மகளோ கம்பெனியில் லைனில் நின்று வேலை செய்கிறவள். ராவும் பகலும் இங்கே இருந்தால் வேலைக்கு யார் போவது?

"பெல் எங்கே இருந்துச்சுன்னு நீ பாத்தியா?"

"இந்தா, கைப்பக்கத்துலதான இருக்கு" என்று எடுத்துக் காட்டினாள்.

பார்த்தால் இருந்தது. நான் தரையில் கிடந்து இவர்கள் கழுத்தையும் காலையும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மாப் அம்மா வந்து தன் வழக்கப்படி இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சொன்னால் யார் நம்புவார்கள்? டாக்டர் சிரித்த மாதிரி இருந்தது.

"அந்தம்மாவைக் கூப்புடு. இல்லாட்டி அந்தக் காகிதத்துல நான் கைநாட்டுகூட வெக்க மாட்டேன்."

"உங்க கையெழுத்து இதுல வேண்டாம்மா" என்றாள் நர்ஸ். ஆனாலும் போய்க் கூப்பிட்டாள்.

மாப் அம்மா பக்கெட்டோடு வந்து நின்றாள். "ஆமா மேடம், தினம் மேலதான் சுத்துவேன். போன மாசம் ஒயரு நனைஞ்சு பெல்லு கெட்டுப்போச்சுன்னு நீங்கதானே கத்துனீங்க? காஞ்சதும் எறக்கிடுவேன். இன்னிக்கும் இப்பதான் எறக்கினேன்."

நர்ஸ் அந்த வரியின் மேல் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டாள். கிறுக்கி மறைக்கவில்லை, பழைய எழுத்து அடியில் தெரிந்தது. பக்கத்தில் மணியும் கையெழுத்தும் போட்டுப் புதிதாக எழுதினாள். பெல் எட்டவில்லை, குரல் கொடுத்ததாக நோயாளி சொல்கிறார், தரை ஈரம், காலில் செருப்பில்லை.

நான் ஜெயித்துவிட்ட நினைப்பில் தலையணையில் சாய்ந்தேன். காதுக்கு மேலே சுரீரென்றது. முகம் சுளித்திருக்க வேண்டும்.

பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே நர்ஸ் கேட்டாள். "உள்ளத எழுதச் சொன்னீங்க, எழுதிட்டேன். நான் கேட்டதுக்கெல்லாம் நீங்க உள்ளதத்தான் சொன்னீங்களா?"

தலை என்று சொன்னால் படுக்கையிலேயே கட்டிப்போடுவார்கள் என்றுதான் மறைத்தேன். அதை இப்போது எந்த முகத்தோடு சொல்வது? முடியை விலக்கி இடத்தைக் காட்டினேன்.

டாக்டருக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்க இல்ல? உங்களுக்கு உள்ளே கசிஞ்சா வெளியே தெரியாதும்மா! மொதல்ல கேட்டப்பவே சொல்ல வேணாமா?" ஸ்கேன் வரும்வரை அந்த மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்று எழுதிவிட்டு, என்னைத் தள்ளுவண்டியில் கீழே அனுப்பினார்.

ஸ்கேனில் கசிவு இல்லை. அதோடு விட்டார்களா? அரை மணிக்கு ஒருதரம் கண்ணில் டார்ச். கையை இறுக்கிப் பிடி. இது எந்த ஊர், இன்றைக்கு என்ன கிழமை?

"ஒரகடம். புதன்கிழமை. இப்பத்தானே சொன்னேன், அதுக்குள்ள வியாழனா ஆயிடும்?"

"வள்ளுவள்ளுனு விழுதீங்கள்ளா, மூளை நல்லாத்தான் இருக்கு" என்று குறித்துக்கொண்டாள்.

மத்தியானம் பெரிய டாக்டர் வந்தார். படுக்க வைத்து ஒரு பிரஷர், எழுந்து நிற்க வைத்து ஒரு பிரஷர். நின்றால் இறங்குகிறது, கண் இருட்டியது அதனால்தான் என்று ஒரு மாத்திரையைக் குறைத்தார். தாளைப் படித்துவிட்டு, கம்பியை இரண்டு பக்கமும் ஏற்றினால் இவர் அதன் மேலேயே ஏறிக் குதிப்பார் என்றார். அது மட்டும் உண்மை. டயப்பர், ராப்பகல் ஆள் என்று எழுதியிருந்ததையும் கோடு போட்டு அடித்தார். கட்டிலைத் தாழ இறக்க வேண்டும், பெல்லைத் தலையணையோடு கிளிப் போட வேண்டும், ஊசி போட்டு பாத்ரூமுக்குக் கூட்டிப்போய் வந்த பிறகுதான் மாப், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் போக வேண்டுமா என்று நர்ஸே வந்து கேட்க வேண்டும், எழுந்தால் காலைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்த பிறகு ஆள் பிடித்துத்தான் நடக்க வேண்டும்.

ஷிப்ட் முடிந்து மகள் யூனிபார்மோடு வந்தாள். "இன்னாம்மா நீ? தலையில அடின்னா சொல்லக்கூட வாய் வராதா? ஊருக்கெல்லாம் நியாயம் பேசுவே!"

நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. நர்ஸைக் கூப்பிட்டுத் தாளை முழுக்க இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். எல்லாம் சரியாக வந்தது. நடுவில் ஒரு வரி: முதலில் கேட்டபோது தலையில் அடிபடவில்லை என்று நோயாளி சொன்னார்.

"அதை எடுத்துடு."

"எப்படிம்மா எடுக்க? உள்ளதுதான?"

"கோடு போட்டு அடியேன், அதைப் போட்ட மாதிரி."

"அது தப்பா எழுதினது. இது சரியா எழுதினது."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். இன்னும் பேசியிருப்பேன். அதற்குள் மறுபடி அவசரமாக வந்தது. நர்ஸ் பக்கத்திலேயேதான் நின்றாள். ஆனாலும் தலையணையில் கை வைத்துப் பெல்லை அமுக்கினேன்.

"நான் இங்கனதான நிக்கேன்!"

"அதையும் எழுதிக்கோ" என்று சொல்லிக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். பெரிய டாக்டர் சொன்ன மாதிரிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போனேன்.