பதினொரு பேர் பார்த்த படம்

எங்கள் குறும்படத்தைக் கட்டணம் குறைவான முதல் கெடுவுக்குள்ளேயே ஒரு பெரிய விழாவுக்கு அனுப்பியிருந்தேன். வேறெங்கும் திரையிடாத படம்தான் வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அதனால்தான், படத்தில் நடித்த நர்ஸ் அக்கா தன் சர்ச் ஹாலில் போடலாமா என்று கேட்டபோதுகூட, தயாரிப்பாளர் கறாராக மறுத்தார்.

அதே தயாரிப்பாளர் கிட்வாய் நகர் டீக்கடையில் போனை நீட்டினார். பணம் கட்டியவர்களுக்கெல்லாம் விருது தரும் ஏதோ ஓர் இணைய விழாவுக்கு, என்னிடம் சொல்லாமல் அவரே படத்தை அனுப்பியிருந்தார். எங்கள் முழுப் படமும் அங்கே, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி.

"போச்சு சார்! இனி பெரிய விழாவுல எடுக்க மாட்டாங்க!"

"அரே, அதான் அவார்டு வந்துருச்சே. ஜல்தி போஸ்டர்ல போடு."

போனை வாங்கினேன். படத்துக்குக் கீழே பார்த்தேன். பார்த்தவர்கள் பதினொரு பேர். சர்ச் ஹாலில் இருநூறு நாற்காலி.