‘வாடா’வுக்குப் பின் வராத ஒற்று

எழுபதுகளின் கடைசியில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். ஈப்போவில் இருந்த ஓர் அச்சகத்துக்கு மெய்ப்பும் பார்த்துக் கொடுத்தேன். தோட்டத்தில் யார் பத்திரிகை அடித்தாலும் அச்சகத்துக்காரர் பஸ்ஸில் அனுப்பும் மெய்ப்பு என்னிடம்தான் வரும்.

அந்த மழைக்காலத்தில் வந்தது ஒரு கருமாதிப் பத்திரிகை. என் வகுப்பில் படித்த பையன் திரிங்காப் வளைவில் காய்கறி லோரி மோதி இறந்திருந்தான். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அவன் அப்பாவே பஸ்ஸிலிருந்து தாளை வாங்கிக்கொண்டுவந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பித்தேன். ‘மகனை பிரிந்து’ என்றிருந்தது. ‘ஐ’ உருபு வெளிப்படையாக வந்தால் ஒற்று மிகும், ‘மகனைப்’ என்றாக்கினேன். ‘கலந்துக் கொள்ளும்படி கேட்டு கொள்கிறோம்’ என்று அச்சுக் கோத்திருந்தார்கள். ‘கலந்து’வில் ‘து’வுக்கு முன்னால் இருப்பது மெல்லினம், அங்கே ஒற்று மிகாது. ‘கேட்டு’வில் வல்லினம், அங்கே மிகும். முதலாவதில் ‘க்’கை அடித்துவிட்டு இரண்டாவதில் சேர்த்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரி: ‘எங்கள் வாடா பூவே.’ ஒரு ‘ப்’ எழுதினேன்.

“அங்க என்ன டீச்சர் போடுறீங்க?”

“வாடாத பூன்னா ஒற்று வராது அண்ணே. அந்த ‘த’ போயி வெறும் ‘வாடா’ன்னு நின்னா ‘வாடாப் பூ’ன்னு ஒற்று வரணும். இல்லன்னா யாரையோ ‘வாடா’ன்னு கூப்பிடற மாதிரி இருக்கும்.”

அவர் நான் எழுதிய எழுத்தின் மேல் விரல் வைத்தார்.

“அந்த எழுத்து போட்டா வாடாதுன்னு ஆயிருமா? வாடித்தானே போனான். கூப்பிடற மாதிரியே இருக்கட்டும் லா.”

‘ப்’பை அடித்தேன்.

கருமாதியன்று தலைமையாசிரியர் பத்திரிகையைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். “ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஒற்று மிகும்னு தெரியாதா டீச்சர்?”

“தெரியும் சார்” என்றேன்.

அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குள் பையனின் அம்மா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பத்திரிகையை என்னிடம் நீட்டினார். வாசித்தேன். கடைசி வரி வந்ததும் அவர் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

“அதை மட்டும் இன்னொரு தடவ படிங்க டீச்சர்.”

படித்தேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் படித்தேன். வாசலில் பனிமூட்டம் மட்டும் நின்றது. அடுத்த முறை அவர் கேட்டபோது தாளைத் தாழ்த்தினேன். அவர் பத்திரிகையை வாங்கி, தலைகீழாகப் பிடித்தபடி, தானே வாசலைப் பார்த்து ‘வாடா பூவே’ என்று சொல்லத் தொடங்கினார். பெண்கள் அவரைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள். அங்கிருந்தும் கேட்டுக்கொண்டே இருந்தது.