கொம்பும் காலும்

சுதர்ஷினி செய்த குற்றம் என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். அவள் ‘மொத்தம்’ என்று எழுதினாள். எழுத்துப்பிழை இல்லை, கணக்குப்பிழை இல்லை. ஆனாலும் நாற்பது புள்ளிக்குப் பூச்சியம்!

இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள். கணினி விஞ்ஞானம் படிக்கப் பல்கலைக்கழகம் போய் இரண்டாவது வருடம். பரீட்சைக்கு முந்தைய விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் பேராசிரியை இந்திராதேவிக்கு ஓர் ஆசை, கணினி தமிழிலும் பேச வேண்டும் என்று. அதனால் மாணவர்கள் தாமே செய்து கொடுக்க வேண்டிய பயிற்சிகளில், இந்த ஓர் ஒப்படைக்கு மட்டும் விடையைத் தமிழில் காட்டச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் பஸ்ஸில் ஏறியவர்களின் எண்ணிக்கை கோப்பில் இருக்கும். மாணவர் எழுதும் நிரல் அதைக் கூட்டிக் கடைசியில் ‘மொத்தம்: 18’ என்பதுபோல் ஒரு வரி காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

திருத்துவது மனுசர் இல்லை, ஒரு தானியங்கி. மாணவர்களின் நிரல்களை ஓட்டி, வரும் விடையைப் பேராசிரியை கொடுத்த விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒப்படைக்க வேண்டிய நாள் முடிந்த பிறகு அதன் முடிவு வந்தது. எல்லாச் சோதனையிலும் ‘தவறு’. அதற்குக் கீழே இரண்டு வரி.

எதிர்பார்த்தது — மொத்தம்: 18
கிடைத்தது — மொத்தம்: 18

“அடப் பாவி!” என்றாள் சுதர்ஷினி வாய்விட்டு. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். அதே பதினெட்டு, அதே மொத்தம்.

இது விளையாட்டு இல்லை. இந்த ஒப்படையில் தேறாவிட்டால் இறுதிப் பரீட்சை எழுத முடியாது. அடுத்த வருடம் தனக்குப் பின்னால் வந்தவர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

வரி முடிவில் வேண்டாத இடைவெளி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பிறகு இரண்டு ‘மொத்தம்’களையும் நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை குறிகள் என்று கணினியிடமே கேட்டாள். மெய்ப்புள்ளியையும் துணைக்குறியையும் தனித்தனியே எண்ணும் கணினி, பேராசிரியையுடையதில் ஏழு என்றது. அவளுடையதில் எட்டு!

அப்போதுதான் அவளுக்கு ஹட்டன் டவுனில் ஆண்டியப்பன் அண்ணனின் கடை ஞாபகம் வந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில், அங்கே கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் தட்டச்சு செய்துதான் அவள் தமிழ்த் தட்டச்சு பழகினாள். அந்தக் கடையின் பழைய விசைப்பலகையில் ‘மொ’ என்பது ஒரே அடியில் வராது. கொம்பை ஒரு தட்டு, ‘ம’வை ஒரு தட்டு, காலை ஒரு தட்டு. கை அப்படியே பழகிப்போய், தன் மடிக்கணினியிலும் அதே விசைமுறையையே போட்டுக்கொண்டாள். அது கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறிகளாகச் சேமித்துவிடும். பேராசிரியையின் விசைமுறையோ இரண்டையும் சேர்த்து ஒரே குறியாக வைக்கும். கணினி எழுத்துமுறையில் இரண்டும் சரி, இரண்டும் ஒன்றுதான் என்று விதியே இருக்கிறது. திரையில் பார்த்தால் அச்சு அசல் ஒன்றுதான். அந்தத் தானியங்கிக்குத்தான் அது தெரியாது.

காரணம் பிடிபட்டுவிட்டது. இனி அதைச் சொல்ல வேண்டும். அதுதான் பெரிய பாடாக இருந்தது.

அம்மா ஜீவராணி கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்து, முகம் கழுவி, பிளேன்டீயோடு உட்கார்ந்ததும் மகள் விசயத்தைச் சொன்னாள்.

“பெரிய படிப்பு படிச்சவங்க போட்ட மார்க்க நீ தப்புன்னு சொல்லப் போறியா?” அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “வேணாம் புள்ள. கோவிச்சுக்கிட்டாங்கன்னா?”

“அவங்க போடலம்மா. மெஷின் போட்டது.”

“மெஷின் யாரோடது? அவங்களோடதுதான? சரி, எழுதுறதுன்னா மொதல்ல மன்னிப்பு கேட்டு எழுது. நாங்க தோட்டத்துத் தொரைக்கு மனு குடுக்கிறப்ப அப்புடித்தான் எழுதச் சொல்லுவோம். அப்பத்தான் படிப்பாங்க.”

அம்மா சொன்னபடியே எழுதினாள். தொடக்கத்தில் ஒரு ‘மன்னிக்கவும்’, நடுவில் ஒன்று, போகிற போக்கில் இன்னொன்று. கூடப் படிக்கும், கினிகத்தேனை ஊர்க்காரி பிரேமினிக்கு அனுப்பிக் காட்டினாள். பிரேமினி உடனே அழைத்தாள். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

“எதுக்குடி இத்தன மன்னிப்பு? நீ என்ன களவா எடுத்த? ‘ஒங்க மெஷினுக்குக் கண்ணு தெரியலையா’ன்னு கேட்டு எழுது!”

“அப்புடி எழுதுனா அவங்க படிப்பாங்களா?”

“படிக்க மாட்டாங்கதான்,” என்று பிரேமினி ஒத்துக்கொண்டாள். “ஆனா மன்னிப்ப எடு. தப்பு பண்ணவங்கதான் மன்னிப்பு கேக்கணும். நீ கேட்டா நீதான் பண்ணுனேன்னு ஆயிரும்.”

சுதர்ஷினி யோசித்துப் பார்த்தாள். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி பாதி சரிதான். மரியாதை இருக்கட்டும், கெஞ்சல் வேண்டாம். அழித்து அழித்து, கடைசியில் இப்படி வந்து நின்றது.

‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். நான் இரண்டாம் வருட மாணவி செ. சுதர்ஷினி. பஸ் பயணிகள் ஒப்படையில் எனக்குப் பூச்சியம் கிடைத்துள்ளது. என் நிரல் தரும் விடையும் எதிர்பார்த்த விடையும் பார்வைக்கு ஒன்றாகவே உள்ளன. ‘மொ’ என்பதன் கொம்பும் காலும் உங்கள் விடையில் ஒரே குறியாகவும், என் விடையில் இரண்டு குறிகளாகவும் உள்ளன. இரண்டும் ஏற்கத்தக்க வடிவங்களே என்றாலும், தானியங்கி இதைத் தவறென்று எடுத்துக்கொண்டிருக்கலாம் என நினைக்கிறேன். இரண்டு வடிவங்களையும் எண்ணிப் பார்த்த சிறு நிரலை இணைத்துள்ளேன். நேரம் கிடைக்கும்போது என் புள்ளியை மறுபரிசீலனை செய்ய முடியுமா? நான் எதையாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நன்றி.’

‘மன்னிக்கவும்’ ஒன்றுகூட இல்லை. அம்மாவிடம் அதை அவள் சொல்லவில்லை. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள்.

மறுநாள் பதில் இல்லை. “நான் அப்பவே சொன்னேன்” என்று அம்மா வாயால் சொல்லவில்லை, முகத்தால் சொன்னாள். அதற்கடுத்த நாள் ஞாயிறு. மலையில் வேலை இல்லை. அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கைப்பேசி சிணுங்கியது. பேராசிரியையின் பெயரைப் பார்த்ததும் சுதர்ஷினி வாசலுக்கு ஓடினாள்.

“வந்திருச்சும்மா.”

“என்னா சொல்றாங்க? ஏசுறாங்களா?”

சுதர்ஷினி சத்தமாகப் படித்தாள்.

‘அன்புள்ள சுதர்ஷினி, மன்னிக்கவும். தவறு உங்களுடையதல்ல, என்னுடையது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு விடைகளையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் கட்டளையை நான் சேர்க்காமல் விட்டுவிட்டேன். இப்போது சேர்த்து, எல்லோருடைய ஒப்படைகளையும் திரும்ப ஓட்டினேன். உங்களைப் போல இன்னும் சிலருக்கும் புள்ளி மாறியுள்ளது. உங்களுக்கு முப்பத்தாறு. கோப்பு வெறுமையாக இருந்தால் உங்கள் நிரல் பாதியில் நின்றுவிடுகிறது. அந்த நான்கு புள்ளி போனது உங்கள் தவறுதான், பாருங்கள். பரீட்சையில் சந்திப்போம்.’

“பரீட்ச எழுதலாம்மா!” சுதர்ஷினி குதித்தாள். “முப்பத்தாறும்மா!”

ஜீவராணி குதிக்கவில்லை. கையில் பிழிந்த சேலை அப்படியே இருக்க, தண்ணீர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ மனுக்களில் அவள் பெருவிரல் வைத்திருக்கிறாள். எல்லாவற்றிலும் முதல் வார்த்தை அந்த ‘மன்னிக்கவும்’தான். மேலே இருந்து கீழே அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை.

“மார்க்க விடு புள்ள,” என்றாள். “அந்த மொத வார்த்தைய இன்னொருக்கா படி.”

சுதர்ஷினி படித்தாள்.