இஸ்திரி போட்ட வேலைச் சட்டை

பழனியப்பனும் நானும் அக்காள் தங்கை பிள்ளைகள். அவன் அம்மா என் சின்னம்மா. அவன் கட்டியது பாகான் செராயில் இருந்து வந்த புஷ்பவள்ளியை. அவர்களுக்கு ஒரே மகள் மோகனா. நான் அவளுக்கு அத்தை, அவள் எனக்கு மருமகள் முறை. ஜார்ஜ் டவுனை ஒட்டிய ஜெலுத்தோங்கில் என் அடுக்குமாடி வீட்டுக்கு ஞாயிறுதோறும் வந்து சாப்பிட்டுப் போவாள். அதனால் இந்தக் கதையில் பாதியை அவள் வாயாலேயே கேட்டேன். மீதியைத் தொலைபேசியில் பார்த்தேன்.

நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில் பழனியப்பன் எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். புஷ்பவள்ளி செம்பனை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவாள். செம்பனை முள் குத்தாத நாள் கிடையாது. ஒரு வருஷம் வலது கை நடுவிரலில் குத்திய முள் மூட்டுக்குள் போய்ச் சீழ் வைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். விரல் பிழைத்தது, ஆனால் நிமிரவில்லை. கொக்கி மாதிரி உள்ளே மடங்கியே நிற்கும். அந்த விரலோடுதான் அவள் மகளுக்குத் தலை பின்னினாள், அந்த விரலோடுதான் பொறுக்கினாள்.

மோகனா ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். மூன்று பெண்களோடு ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தாள். முதல் வாரமே அங்கே ஒரு பெண் குழாயைச் சரியாக மூடாமல் வந்ததற்கு இன்னொருத்தி சொன்னாளாம்: "ஏண்டி, எஸ்டேட் கேஸ் மாதிரி பண்றே?" திட்டப்பட்டவளும் சிரித்தாள். இருவருமே டவுன் பிள்ளைகள். தோட்டம் என்பது அவர்களுக்கு ஓர் இடமே இல்லை, அழுக்குக்கு ஒரு பெயர். மோகனாவும் கூடச் சிரித்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

மறைப்பது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். முதலில் பெயர் மோனா ஆயிற்று. பிறகு குரல். தோட்டத்தில் பேசுகிறவர்கள் நாலு வரிசை மரத்துக்கு அப்பால் இருப்பவருக்குக் கேட்கப் பேசிப் பழகியவர்கள். கடைசிச் சொல்லை இழுத்து விடுவார்கள். அதை அமுக்கினாள். டவுன் பிள்ளைகள் பேசுவதைத் தொலைபேசியில் பதிந்து, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் நாக்கு புரளாத சொல் வந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போய் வேறு சொல் போட்டாள். வகுப்பில் எழுந்து பேச வேண்டிய நாளில் தொண்டை வலி என்றாள்.

எனக்கு அருவருத்தது இதுவல்ல. தமிழ்தான் அவளைக் காட்டிக்கொடுத்தது. அந்தப் பிள்ளைகள் தமிழைப் பாதி தின்று பாதி துப்புவார்கள். இவள் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டிக்குக் கோப்பை வாங்கியவள், முழு வாக்கியமாக வந்துவிடும். அதனால் தமிழைத் தெரியாததுபோலப் பேசக் கற்றுக்கொண்டாள். "அது என்னா வர்ட் தமிழ்ல?" என்று மற்றவர்களைக் கேட்பாளாம். என் வீட்டில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொல்லிச் சிரித்தாள்.

அம்மா அழைத்தால் "ஹாய் மம்மி, ஒன் செகண்ட்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, மாடிப்படி இறங்கித் தெருவுக்குப் போய்த்தான் பேசுவாள். புஷ்பவள்ளிக்கு எழுத்து வராது, வாட்ஸ்அப்பில் குரல்தான் அனுப்புவாள். அதைக் காதில் இயர்போன் மாட்டாமல் மோகனா ஒருநாளும் கேட்டதில்லை.

ஊர் புக்கிட் மெர்தாஜாம் என்று சொல்லிவைத்திருந்தாள். நிபோங் திபால் போகும் ரயில் அந்த வழியாகத்தானே போகிறது, பொய் சுலபமாக நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை, கூட இருக்கும் காமினி, வழக்கறிஞர் மகள், தன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மறுத்தால் சந்தேகம் வரும். புக்கிட் மெர்தாஜாமில் இரும்புக் கதவு போட்ட ஏதோ ஒரு மாடி வீட்டைக் காட்டி, "இங்கதான், ஸ்டாப் லா" என்று டவுன் பிள்ளைகள் மாதிரியே 'லா' போட்டுச் சொல்லி இறங்கிவிட்டாள். உள்ளே நாய் குரைத்தது. இவள் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதட்டினாள். இல்லாத பெயர். கார் மறைந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஸ்டேசனுக்கு நடந்தாள். நிபோங் திபாலில் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்த பழனியப்பன், "ஏம்மா லேட்டு?" என்று கேட்டதற்கு, ரயில் தாமதம் என்றாள்.

பொங்கல் வந்தது. கல்லூரி இந்தியர் சங்கத்தில் கலை இரவு. சங்கத் தலைவன் தனேஷ் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினான். பட்டணத்துப் பேரங்காடிக்கு முதல்முறை வரும் தோட்டத்துப் பொம்பளை, அவளுக்குத் தானே நகரும் மின்படியில் ஏறத் தெரியாது, அதுதான் கதை. இந்தக் காலத்தில் எந்தத் தோட்டத்துப் பெண்ணுக்கு மின்படி தெரியாது? ஒத்திகையில் காமினி அந்த வேடம் கட்டினாள். கையில் ரப்பர் மரத்துப் பால்வெட்டும் கத்தி, தலையில் கல்யாண வீட்டுக் கொண்டை. மோகனாவுக்குப் பொறுக்கவில்லை. தப்பாகச் செய்கிறார்களே என்கிற எரிச்சல்.

"அப்படி இல்ல. தலைல துணி போட்டு, முன்னால கொண்டாந்து காதோட சேர்த்துக் கட்டணும். கழுத்துல எறும்பு விழும்ல."

"நீ எப்படி இதெல்லாம் தெரிஞ்சி வச்சிருக்கே?" என்றான் தனேஷ்.

"யூடியூப்ல பார்த்தேன்."

"சரி, நீயே பேசிக் காட்டு."

பேசினாள். மாதக்கணக்கில் அமுக்கி வைத்த குரல். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். "செம லா மோனா, ரியல் எஸ்டேட் அம்மா மாதிரியே இருக்கு" என்றாள் காமினி. வேடம் இவளுக்கு வந்துவிட்டது. தன் சொந்த வாயைத் திறப்பதற்கு அவளுக்கு அங்கே கிடைத்த ஒரே இடம் அதுதான். அதற்காகவே ஒத்துக்கொண்டேன் அத்தை என்றாள் பிறகு. இருக்கலாம். அதற்குமேல் செய்ததற்கு என்ன சொல்வாள்?

உடைக்குக் கடையில் தேடவில்லை. அம்மாவிடம் கேட்டாள். கல்லூரியில் கூட்டுத் துப்புரவுப் பணி, பழைய வேலைச் சட்டை வேண்டும் என்றாள். புஷ்பவள்ளி தன் நீளக்கைச் சட்டையை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தாள். செம்பனைக் கறை எங்கே போகும்? போன மட்டும் தேய்த்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். வேலைச் சட்டைக்கு அவள் வாழ்நாளில் இஸ்திரி போட்டதில்லை. மகளுடைய கல்லூரிக்குப் போகிற சட்டை என்று போட்டிருக்கிறாள்.

அந்தச் சட்டையைக் கசக்கி, மண்ணில் புரட்டி, மேடையில் போட்டுக்கொண்டாள் மோகனா.

காணொளியை நான் பார்த்தேன். வரிசை வரிசையாகப் பட்டும் வேட்டியுமாகப் பிள்ளைகள். இவள் கடைசிச் சொல்லை இழுக்க இழுக்கச் சிரிப்பு. அப்புறம் கூட்டத்தைப் பார்த்துக் கை நீட்டி ஏதோ கேட்கிறாள். நீட்டிய வலது கையில் நடுவிரல் மட்டும் உள்ளே மடங்கி நிற்கிறது. யாரும் எழுதிக் கொடுக்காதது. அந்த விரலாலேயே மூக்கைத் துடைக்கிறாள். அரங்கமே கைதட்டுகிறது.

யாரோ அதை டிக்டாக்கில் ஏற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள் தோட்டத்தில் பழம் பொறுக்கும் பெண்களில் ஒருத்தி, "வள்ளி, இது ஒன் மக தானே? ஒன்ன அப்படியே உரிச்சி வச்சிருக்கு பாரேன்" என்று காட்டியிருக்கிறாள். காணொளிக்குக் கீழே எவனோ எழுதியிருந்தான், வாந்தி வருகிற பொம்மை போட்டு, இந்த ஆண்ட்டி பக்கத்தில் நின்றாலே நாறும் என்று. புஷ்பவள்ளிக்குத்தான் எழுத்து வராதே. கூட இருந்தவள் வாசித்துக் காட்டினாள். எனக்கு அந்த வாசித்தவள் மீதும் ஆத்திரம்தான்.

அன்று மாலை புஷ்பவள்ளி குரல் அனுப்பினாள். திட்டவில்லை, அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மோகனா என் வீட்டுக்கு வந்தாள். சாப்பிடவில்லை. காணொளியைக் காட்டினாள், அம்மாவின் குரலைப் போட்டுக் கேட்கச் செய்தாள்.

"அத்தை, ஏதாவது சொல்லுங்க."

தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன். அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் வாடகை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே தனேஷ் காத்திருந்தான். வேறு கல்லூரியில் இருந்து அழைப்பு வந்திருக்கிறதாம், நாடகத்தை அங்கேயும் போட வேண்டுமாம். காமினி சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "மோனா, அந்த விரல் கண்டிப்பா வேணும் லா. அதான் ஹைலைட்" என்றாள்.

மோகனா நின்ற இடத்திலேயே, தோட்டத்துக் குரலில், இழுத்துச் சொன்னாள்: "அது எங்கம்மா வெரலு. நான் பைராம் தோட்டம். எங்கம்மா பழம் பொறுக்குறவங்க."

சிரித்தார்கள். காமினி தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். "ஓ மை காட், இன்னொரு வாட்டி சொல்லு" என்று தனேஷ் தொலைபேசியை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான். அவள் நிஜக் குரலை அங்கே ஒருவருக்கும் நிஜமாகக் கேட்கத் தெரியவில்லை. அவளே பழக்கிவிட்டது.

அவள் இன்னொரு வாட்டி சொல்லவில்லை. இயர்போன் இல்லாமல், அம்மாவின் குரலைச் சத்தமாகப் போட்டாள்.

"மோகனா, சாப்ட்டியாம்மா? வீடியோ பார்த்தேன். நல்லாத்தான் செஞ்சிருக்க, எல்லாரும் சிரிக்கிறாங்க. வெரல மட்டும் விட்டிருக்கலாம். சட்டைய ஈரத்தோட வச்சிடாத, பூஞ்சை புடிச்சிரும். அப்பா கேட்டாரு ஒன்ன."

மேடையில் கேட்ட அதே இழுப்பு. தனேஷ் தொலைபேசியைக் கீழே இறக்கினான். அப்புறம் காமினிதான் பேசினாள்.

"நீ ஏன் லா முன்னாடியே சொல்லல? தெரிஞ்சிருந்தா நாங்க சிரிச்சிருக்க மாட்டோமே."

தெரிந்தவளின் அம்மா என்றால் சிரிக்க மாட்டார்களாம். வேறொருத்தியின் அம்மா என்றால் சிரிக்கலாமாம்.

மோகனா மண்ணோடு கட்டிலடியில் கிடந்த சட்டையை எடுத்துத் துவைத்தாள். வகுப்புக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மறுநாள் தீவிலிருந்து படகேறி, ரயிலேறி, புக்கிட் மெர்தாஜாம் தாண்டி ஊருக்குப் போனாள். அந்த வாரமே நானும் போனேன், பழனியப்பன் கூப்பிட்டிருந்தான்.

சண்டை எதுவும் இல்லை. புஷ்பவள்ளி கோழி ஆக்கியிருந்தாள். மகள் திரும்பக் கொண்டுவந்த அந்தச் சட்டையைத்தான் வீட்டுக்குள்ளும் போட்டிருந்தாள். எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சட்டையின் நீளக் கையை உள்ளங்கை வரை இழுத்து, அந்த விரலை அதற்குள் ஒளித்துவைத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"கைய வெளிய விடும்மா, வேர்க்குது பாரு" என்றாள் மோகனா, சன்னமாக.

"பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு, புஷ்பவள்ளி இன்னொரு கோப்பை எடுக்க உள்ளே போனாள்.