தீவு நுழையாத சந்தம்

கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். சந்தத்தில் ஓர் ஒலி பிசகினாலும் பொறாதவன், நடந்ததைத் திரித்து எழுதலாகாது.

போர்ட் பிளேரில் ஒரு தமிழ் விழாவின் நடனத்துக்குப் பாடல் கேட்டார்கள். ‘தந்த தனன தனதானா’ என்னும் சந்தம் ஒவ்வோர் அடியிலும் மாறாது வரும்படி எழுதினேன்:

வந்த படகு கரைமீதே
நின்ற மனது தடுமாறா
கண்ட தீவு நமதாமே

ஒத்திகையில் விழாச் செயலர், “அரே சார், அடுத்த வரியில நம்ம விழாத் தலைவர் ராமசாமி பேரைப் போடுங்க, பஸ், அது போதும். இல்லேன்னா சினிமாப் பாட்டுதான்” என்றார்.

“நெடிலில் தொடங்கும் பெயர், ‘தந்த’ இருக்குமிடத்தில் நுழையாது” என்று மறுத்தேன்.

மிருதங்கக்காரர் தயங்கியபடி, “சார், மூணாவது வரியும் இடிக்குது. ப-ட-கு, ம-ன-து, மூணு தட்டு. தீ-வு, ரெண்டுதானே?” என்றார்.

உண்மை. மாத்திரை மூன்றுதான், ஆனால் மூன்று குறில் துள்ள வேண்டிய இடத்தில் ஒரு நெடில் நீண்டு கிடந்தது. அந்தச் சொல்மீது கொண்ட ஆசை என் செவியை அடைத்திருந்தது.

செயலர் சிரித்தார். “உங்க தீவு நுழையலாம், எங்க தலைவர் நுழையக் கூடாதா?”

முகம் சுட்டது. ‘தீவு’ என்பதை அடித்து ‘உலகு’ என்று எழுதினேன்.

“என் தீவையே வெளியேற்றிவிட்டேன். இனி எவர் பெயருக்கும் இடமில்லை.”

அவர் தாளை வாங்கிக்கொண்டார். விழாவுக்கு என்னை அழைக்கவில்லை. மேடையில் என் பாடல் ஒலித்ததா, அதில் அந்தப் பெயர் இருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.