ஒன்பதாவது பத்தியில் ஆறிய காது

அவருடைய காது ஆறிவிட்டது. டாக்டர் பார்த்து, கடலில் இறங்கலாம் என்று சொல்லிவிட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் என் கட்டுரையின் தொடக்கத்தில் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

அப்போது தூத்துக்குடியில் ஒரு சிறிய இணைய இதழில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என் முதல் பெரிய கட்டுரை, சங்கு குளிக்கும் ஒருவரைப் பற்றியது. வள்ளத்தில் ஓடும் கம்ப்ரசரின் காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவர். திரேஸ்புரம் கரையில் உட்கார்ந்து பேசியபோது, முன்பு வேறொரு வள்ளத்தில் இருந்த காலத்தில், வேகமாக இறங்கிக் காதுச்சவ்வு கிழிந்ததையும் சொன்னார். இரண்டு மாதம் கடலுக்கே போகவில்லையாம்.

"காது ஆறிட்டுன்னும் சேத்துப் போடு, ளா. மறந்துராத" என்றார்.

நான் மறக்கவில்லை. அதுதான் கேவலம்.

மூன்று விதமாகத் தொடக்கம் எழுதினேன். எதிர் நாற்காலியில் பக்கம் வடிவமைக்கும் தோழியிடம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். முதலில் கேள்வி: "கடலுக்கடியில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்று நினைக்கிறீர்கள்?"

"நான் ஒண்ணும் நினைக்கலையே" என்று போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

அடுத்தது அடித்துச் சொல்வது: "இந்த ஊரிலேயே ஆபத்தான வேலை சங்கு குளிப்பதுதான்."

"ஏளா, எங்கப்பா துறைமுகத்துல கிரேன் ஓட்டுதாரு. அவருட்ட வந்து சொல்லு பாப்போம்."

என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அந்த வரியை நீக்கிவிட்டேன். மூன்றாவது கதை: "வள்ளத்திலிருந்து மூன்று முறை கூப்பிட்டார்கள். தண்ணீருக்கு மேல் தலை தெரிந்தது. அவர் திரும்பவில்லை. இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது."

தோழி போனைக் கீழே வைத்தாள். "பொறவு?"

அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கேள்வி, வாசகர் 'எனக்கென்ன' என்று போய்விட இடம் கொடுக்கிறது. அடித்துச் சொன்னால் அடுத்த வரியிலேயே நிரூபிக்க வேண்டும். கதை மட்டும்தான் ஆளைப் பிடித்து உட்கார வைக்கிறது, முடிவை ஒளித்து வைத்திருக்கும்வரை. காது ஆறிவிட்டது, அது பழைய கதை என்பதெல்லாம் இரண்டாவது பத்தியில் இருந்தது. வெட்டி ஒன்பதாவதில் ஒட்டினேன்.

"மேலயே இருக்கட்டுமே?" என்று தோழி கேட்கத்தான் செய்தாள்.

"சொல்லிட்டா எவன் கீழ வருவான்?" என்றேன்.

அவர் பெயரைப் போடவில்லை. ஆனால் படத்தில் வள்ளம் இருந்தது. அதன் நிறம் அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். கட்டுரையின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தலைப்பும் முதல் வரிகளும்தான் தெரியும். அந்த வரிகள் குழு குழுவாகப் போயின. ஒன்பதாவது பத்தி எங்கள் தளத்திலேயே கிடந்தது. பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏற ஏற நான் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் கூப்பிட்டார். "சம்மாட்டி என்னைய வள்ளத்துல ஏத்த மாட்டேங்காரு, ளா. காதுல ரத்தத்தோட உன்னைக் கூட்டிட்டுப் போயி நான் கேசுல நிக்கவாங்காரு."

கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு, வள்ளத்துச் சொந்தக்காரரான அந்தச் சம்மாட்டியிடம் ஓடினேன். சங்கு குளிக்கிறவரும் பழைய டாக்டர் சீட்டோடு வந்திருந்தார். சம்மாட்டி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஆறிட்டுன்னு இதுல எங்கன போட்டிருக்கு?"

"கீழ இருக்கு, அண்ணாச்சி."

"ஏன் கீழ?"

"மேல போட்டா யாரும் படிக்க மாட்டாங்க."

"அப்போ இவன் காதைக் காட்டி ஆள் சேத்திருக்க."

பக்கத்தில் நின்றவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். புதிதாக டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கும்வரை இறங்க வேண்டாம் என்று சம்மாட்டி முடித்துவிட்டார்.

அன்றே தொடக்கத்தை மாற்றினேன். ஏற்கெனவே அனுப்பப்பட்ட வரிகளை என்னால் மாற்ற முடியவில்லை. டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அவர் மற்றவர்களின் காற்றுக்குழாயைச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டு கரையில் இருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. படிச்சுட்டு, பொறவு எனக்கு என்ன ஆச்சோன்னு நானே பயந்துட்டேன்னா பாத்துக்க" என்று சிரித்தார்.

நான் குனிந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதைக் கேட்டு, அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. இதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை.